பார்ட்டி ஸ்டேட்மென்டைச் சரிபார்ப்பது எப்படி: ஓப்பனிங் பேலன்ஸிலிருந்து பாக்கித் தொகை வரை

பைப், குழாய் மொத்த வியாபாரம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கடைகளுக்கும் ஸ்டேட்மென்ட் அனுப்புவோம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் நிற்கும் பாக்கித் தொகையைப் பார்க்கிறார்கள், கடைக்காரர் சொல்லும் தொகையைப் பார்க்கிறார்கள், அந்த வித்தியாசத்தை ஸ்டேட்மென்ட் முழுக்கத் தேடுகிறார்கள். அது கிடைக்காது. ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரு தவறு இல்லை, இரண்டு மூன்று தவறுகளின் கூட்டல்.

அதனால் ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வித்தியாசத்தை அங்கேயே பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வரிசை இதுதான்: முதலில் ஓப்பனிங், அப்புறம் பில், கிரெடிட் நோட், வரவு, கடைசியில்தான் மொத்தம். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு கணக்கையே வைத்துச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரைக்கான ஸ்டேட்மென்ட் அது. கடைக்காரர் போனில் சொன்னது: "அண்ணே, நீங்க 88,000 போட்டிருக்கீங்க. எனக்கு 72,470 தான் வருது." வித்தியாசம் 15,530 ரூபாய்.

| தேதி | விவரம் | பற்று | வரவு |
|---|---|---|---|
| ஏப்ரல் 1 | ஓப்பனிங் | 58,600 | |
| ஏப்ரல் 9 | பில் 41 | 36,580 | |
| ஏப்ரல் 17 | வங்கி வரவு | | 40,000 |
| மே 6 | பில் 112 | 61,360 | |
| மே 14 | கிரெடிட் நோட் 7 | | 4,500 |
| மே 22 | செக் | | 25,000 |
| மே 27 | செக் ரிட்டர்ன் | 25,000 | |
| ஜூன் 3 | யு.பி.ஐ. | | 30,000 |
| ஜூன் 12 | பில் 203 | 23,600 | |
| ஜூன் 20 | வங்கி வரவு | | 20,000 |
| ஜூன் 24 | டெபிட் நோட் | 2,360 | |
| | மொத்தம் | 2,07,500 | 1,19,500 |

பற்றில் வரவைக் கழித்தால் 88,000. கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் கணக்கு தவறு.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

போன முறை அனுப்பிய ஸ்டேட்மென்ட், அதில் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுத் திருப்பிய நகல் இருந்தால் அதுதான். அந்த மூன்று மாதத்து வங்கி ஸ்டேட்மென்ட். ரொக்க ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள். கிரெடிட் நோட் கோப்பு, அதோடு சரக்கு திரும்பி வந்தபோது குடோனில் எழுதிய ரிட்டர்ன் சீட்டு. முடிந்தால் கடைக்காரர் தன் புத்தகத்தில் நம் பெயரில் வைத்திருக்கும் லெட்ஜர்.

கம்ப்யூட்டரில் இருக்கும் லெட்ஜரை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டேட்மென்டைச் சரிபார்க்கக் கூடாது. ஸ்டேட்மென்டே அந்த லெட்ஜரிலிருந்து வந்ததுதான். இரண்டும் ஒத்துப்போகத்தான் செய்யும், தவறு உட்பட. வெளியிலிருந்து வந்த காகிதத்தோடு ஒப்பிட்டால்தான் அது சரிபார்ப்பு.

## 2. தேதியையும் பக்கத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள்

கடைக்காரரின் லெட்ஜர் கையில் இருந்தால், இரண்டும் ஒரே தேதி வரை எடுக்கப்பட்டவையா என்று முதலில் பாருங்கள். நாம் ஜூன் 30 வரை எடுத்து, அவர் ஜூலை 4 வரை எடுத்திருந்தால், இடையில் அனுப்பிய பணமே வித்தியாசமாக நிற்கும். அதைத் தேடி அரை நாள் போகும்.

இன்னொன்று, அவர் புத்தகம் நம் புத்தகத்தின் கண்ணாடி. நமக்குப் பற்று அவருக்கு வரவு. நம் கிரெடிட் நோட்டை அவர் டெபிட் நோட் என்று எழுதியிருப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் இதனால்தான் பெரிய சிக்கல் வருகிறது.

## 3. ஓப்பனிங் பேலன்ஸ் முதலில்

போன ஸ்டேட்மென்டின் கடைசித் தொகையும் இந்த ஸ்டேட்மென்டின் முதல் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே போகாதீர்கள். ஓப்பனிங் தவறாக இருந்தால், கீழே எல்லாம் சரியாக இருந்தாலும் முடிவு தவறாகத்தான் வரும். சரியான வரிகளில் தவறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தொகை ஒத்துப்போனால் மட்டும் போதாது. அந்தத் தொகை எந்தெந்தப் பில்லின் பாக்கி என்று பிரித்து எழுதுங்கள். பில் பெயரே இல்லாத ஓப்பனிங்கை யாரும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

நம் கணக்கில் ஓப்பனிங் 58,600. பிரித்துப் பார்த்தால் பிப்ரவரி மாதத்துப் பில் 1187-இல் 18,600, மார்ச் மாதத்துப் பில் 1302-இல் 40,000. கடைக்காரர் லெட்ஜரில் 1302-க்கு 30,000 தான் பாக்கி. மார்ச் 28-ஆம் தேதி 10,000 ரொக்கம் கொடுத்ததாக எழுதியிருந்தார். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் அடிக்கட்டை இருக்கிறது, அவர் கடை முத்திரையோடு. பணம் வந்திருக்கிறது, ஆனால் வேறு ஊரில் அதே பெயரில் இருக்கும் இன்னொரு கடையின் கணக்கில் வரவாகியிருக்கிறது. பட்டியலில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து நிற்கும், கை தவறிப் போயிருக்கிறது. இப்படிப்பட்ட கடைகளுக்கு லெட்ஜர் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

ஆக, சரியான ஓப்பனிங் 48,600. வித்தியாசத்தில் 10,000 இங்கேயே கழிந்தது.

திருத்துவது எப்படி என்பதில் ஒரு கவனம் வேண்டும். போன வருடக் கணக்கு இன்னும் ஆடிட் முடியவில்லை என்றால், ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு மார்ச் மாதத்துப் பதிவையே சரியான கடைக்கு மாற்றலாம். முடிந்துவிட்டது என்றால் பழைய வருடத்தைத் தொடக் கூடாது. கண்டுபிடித்த தேதியில், அந்தக் கடைக்குப் பற்று, இந்தக் கடைக்கு வரவு என்று ஒரு ஜர்னல் போடுங்கள். அப்போது ஸ்டேட்மென்டில் ஓப்பனிங் 58,600 என்றே நிற்கும், கீழே 10,000 வரவு ஜர்னலாகத் தெரியும். முடிவுத் தொகை ஒன்றுதான். பணம் தவறிப்போன மற்ற கடைக்கும் அன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் பாக்கி 10,000 கூடுகிறது, அதை அவர் ஸ்டேட்மென்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடக் கூடாது.

டேலியில் வருடத்துக்கு ஒரு கம்பெனி என்று கணக்கைப் பிரித்து வைப்பவர்களுக்கு வேறொரு வழியிலும் ஓப்பனிங் கெடும். ஏப்ரலில் ஓப்பனிங்கைக் கொண்டுவந்த பிறகு, பழைய கம்பெனியில் மார்ச் தேதியிட்டு எதையாவது திருத்துவார்கள். அந்தத் திருத்தம் புதியதற்குத் தானாக வராது. இரண்டையும் திறந்து வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

## 4. பில்கள்

இதில் தவறு குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும். ஒவ்வொரு பில்லின் எண், தேதி, வரியோடு சேர்ந்த மொத்தத் தொகை மூன்றையும் டிக் செய்யுங்கள். பில் 41-இல் சரக்கு 31,000, 18% ஜி.எஸ்.டி. 5,580, மொத்தம் 36,580. சரி. மற்ற இரண்டும் சரி.

பார்க்க வேண்டியது, ரத்து செய்த பில் ஸ்டேட்மென்டில் நிற்கிறதா, ஜூன் கடைசி நாளில் பில் போட்டு ஜூலையில் சரக்கு போனதா என்ற இரண்டும்தான். இரண்டாவது நடந்திருந்தால் நம் புத்தகத்தில் அந்தப் பில் இருக்கும், கடைக்காரர் புத்தகத்தில் இருக்காது. அது தவறு இல்லை, வழியில் இருக்கும் சரக்கு. தனியாகக் குறித்துக்கொண்டால் போதும்.

## 5. கிரெடிட் நோட்

அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கிரெடிட் நோட்டிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பில்லுக்கு? வரியோடா, வரியில்லாமலா? எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது?

மே 14-ஆம் தேதி கிரெடிட் நோட் 7 பில் 41-க்கு உரியது. குழாய்கள் சில திரும்பி வந்தன, குடோன் ரிட்டர்ன் சீட்டில் சரக்கு மதிப்பு 4,500. பதிவு செய்த பிள்ளை 4,500-ஐ அப்படியே போட்டுவிட்டது. ஆனால் விற்கும்போது அந்தச் சரக்குக்கு 18% வரி சேர்த்துத்தான் பில் போட்டோம். திரும்பும்போதும் வரியோடு திரும்ப வேண்டும். 4,500-க்கு வரி 810, ஆக 5,310. ஸ்டேட்மென்டில் 810 குறைவாக வரவு விழுந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, வரியில்லாத கிரெடிட் நோட் எல்லாம் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். வருடக் கடைசியில் கொடுக்கும் தள்ளுபடி, டார்கெட் போனஸ் போன்றவற்றை, விற்கும் முன்பே ஒப்பந்தத்தில் சொல்லியிருக்காவிட்டால், ஜி.எஸ்.டி.யைத் தொடாமல் வெறும் பண மதிப்புக்கே கிரெடிட் நோட் போடுவது வழக்கம். அதில் 4,500 என்றால் 4,500 தான். எனவே தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதற்காகப் போட்டது என்று காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வரியோடு கூடிய கிரெடிட் நோட்டுக்குக் காலக்கெடுவும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். தவறினால் அந்த வரியை நாம் குறைத்துக்கொள்ள முடியாது. ஸ்டேட்மென்டில் 810-ஐத் திருத்தினால் மட்டும் போதாது என்பது இதனால்தான். ரிட்டர்னில் எப்படிப் போயிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கடைக்காரரும் தன் பக்கத்தில் அந்த வரிக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும்.

அடுத்தது ஜூன் 24. பில் 112-இல் பேசிய விலையைவிட 2,000 கூடுதலாகப் போட்டுவிட்டோம், வரியோடு 2,360. கடைக்காரர் அதற்கு ஒரு காகிதம் அனுப்பினார், மேலே "டெபிட் நோட்" என்று அச்சிட்டிருந்தது. நம் பிள்ளை அதைப் பார்த்து நம் புத்தகத்திலும் டெபிட் நோட் என்றே பதிந்துவிட்டது. கழிய வேண்டிய 2,360 கூடிவிட்டது. அவர் அனுப்பும் டெபிட் நோட் நமக்குக் கிரெடிட் நோட், கண்ணாடிதானே.

பக்கம் மாறி விழும் தவறுக்கு ஒரு குணம் உண்டு, வித்தியாசம் இரட்டிப்பாக வரும். 2,360 கழியவில்லை, மேலும் 2,360 கூடியும் விட்டது. ஆக 4,720.

இதில் இன்னொன்றும் உண்டு. கடைக்காரரின் டெபிட் நோட் அவருடைய கோரிக்கை மட்டும்தான். நாம் ஒப்புக்கொண்டு, நம் எண் போட்டு, நம் கிரெடிட் நோட் எழுதிய பிறகுதான் நம் ஸ்டேட்மென்டில் வர வேண்டும். இன்னும் பேசி முடிக்காத கோரிக்கையாக இருந்தால் கணக்கில் ஏற்றாமல், ஸ்டேட்மென்டின் அடியில் குறிப்பாக எழுதுங்கள்.

## 6. வரவுகள்: செக் ரிட்டர்னும் பகுதிப் பணமும்

ஒவ்வொரு வரவையும் வங்கி ஸ்டேட்மென்டில் டிக் செய்யுங்கள். செக் கையில் வாங்கிய தேதி வேறு, வங்கியில் பணம் ஏறிய தேதி வேறு. ஜூலை 5 தேதியிட்ட செக் ஜூன் மாதமே மேஜை இழுப்பறையில் இருந்தாலும், ஜூன் 30 ஸ்டேட்மென்டில் அது வரவு ஆகாது. கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

மே 22 செக் 25,000 மே 27-இல் திரும்பிவிட்டது. புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, மே 22 வரவுப் பதிவையே அழித்துவிடுவது. பாக்கித் தொகை சரியாகத்தான் வரும். ஆனால் வங்கி ஸ்டேட்மென்டில் வரவும் ரிட்டர்னும் இரண்டு வரியாக நிற்கும், நம் புத்தகத்தில் ஒன்றும் இருக்காது, வங்கிக் கணக்கு ஒத்துப்போகாது. அதோடு செக் விவகாரம் சட்டம் வரை போனால், வங்கி ரிட்டர்ன் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதற்கு இந்தத் தேதிகள் எல்லாம் புத்தகத்தில் இருக்க வேண்டும். அதனால் வரவும் இருக்கட்டும், ரிட்டர்னும் இருக்கட்டும். நம் கணக்கில் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது பகுதிப் பணம். கடைக்காரர் 40,000 அனுப்பினால் அது எந்தப் பில்லோடும் பொருந்தாத தொகை. எதில் கழிப்பது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் இதற்கு வழி சொல்கின்றன. கொடுப்பவர் இன்ன பில்லுக்கு என்று சொன்னால், வாங்கிக்கொண்ட நாம் அதில்தான் கழிக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நாம் தேர்ந்தெடுக்கலாம். இருவரும் எதுவும் செய்யாவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். நடைமுறையில் பழைய பில்லிலிருந்து கழிப்பதே சச்சரவில்லாத வழி.

டேலியில் பதியும்போது `Agst Ref` கொடுத்துப் பில்லைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் `On Account` என்று விட்டுவிட்டால், மொத்தப் பாக்கி மாறாது, ஆனால் பணம் தனியாக அந்தரத்தில் நிற்கும். பணம் கட்டிய பில்லும் பாக்கிப் பட்டியலில் பழையதாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

## 7. இப்போதுதான் கூட்டல்

திருத்திய தொகைகளை வைத்து, ஒரு காகிதத்தில் கையால் போடுங்கள்.

```
ஓப்பனிங்                   48,600
+ பில்கள்                1,21,540
+ செக் ரிட்டர்ன்          25,000
- கிரெடிட் நோட்            7,670
- வரவுகள்               1,15,000
= பாக்கி                   72,470
```

கடைக்காரர் சொன்ன தொகை. வித்தியாசம் 15,530 என்பது 10,000, 810, 4,720 மூன்றும் சேர்ந்தது. 15,530 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஸ்டேட்மென்டை எத்தனை முறை படித்தாலும் இந்த மூன்றும் கண்ணில் பட்டிருக்காது.

## 8. பில்வாரியாக ஒருமுறை

மொத்தம் ஒத்துப்போனதும் புதியவர்கள் எழுந்துவிடுகிறார்கள். எழ வேண்டாம். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டும் மொத்தம் சரியாக வரலாம். பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 17-இல் வந்த 40,000-இல் 18,600 போய் 1187 தீர்ந்தது. மீதி 21,400 பில் 1302-க்கு, அதில் 8,600 நிற்கிறது. பில் 41-இல் கிரெடிட் நோட் 5,310 போக 31,270. செக் வந்து திரும்பியதால் மாற்றம் இல்லை. ஆனால் ரிட்டர்ன் பதியும்போது செக்கில் கழித்த அதே பில்களை மறுபடி திறந்திருக்கிறோமா என்று பாருங்கள். ஜூன் 3-இல் வந்த 30,000-இல் 8,600 போய் 1302 தீர்ந்தது, மீதி 21,400 போக பில் 41-இல் 9,870. ஜூன் 20-இல் வந்த 20,000-இல் அது தீர்ந்து, மீதி 10,130 பில் 112-க்கு. அதிலேயே கிரெடிட் நோட் 2,360-உம் கழிய 48,870 நிற்கிறது. பில் 203 முழுதாக 23,600. இரண்டையும் கூட்டினால் 72,470.

இரண்டு வழியிலும் ஒரே தொகை வந்தால் கையெழுத்துப் போடலாம்.

## 9. வித்தியாசம் இன்னும் மிச்சம் இருந்தால்

ஒரு பகுதிக்குள் வித்தியாசத்தை அடைத்துவிட்டால், அந்த எண்ணே கொஞ்சம் பேசும். பாதியாக்கிப் பாருங்கள், அந்தத் தொகையில் ஒரு பதிவு இருந்தால் பக்கம் மாறி விழுந்திருக்கலாம். 4,720-இல் பாதி 2,360, உடனே தெரிந்தது.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று பழைய கணக்கப்பிள்ளைகள் சொல்லித் தருவார்கள். 5,310-ஐ 5,130 என்று எழுதினால் வித்தியாசம் 180, வகுபடும். ஆனால் 18% வரி உள்ள வியாபாரத்தில் இது ஏமாற்றும். நம் 810-உம் 9-ஆல் வகுபடுகிறது, ஆனால் அங்கே எந்த இலக்கமும் மாறவில்லை. முழு நூறுகளில் இருக்கும் எந்தத் தொகைக்கும் 18% போட்டால் விடை 9-ஆல் வகுபடத்தான் செய்யும். அதனால் முதலில், வித்தியாசத்தை 0.18-ஆல் வகுத்து வரும் எண் ஏதாவது பதிவின் சரக்கு மதிப்பா என்று பாருங்கள். 810-ஐ வகுத்தால் 4,500. அது இல்லையென்றால் அப்புறம் இலக்க மாற்றத்தைத் தேடலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு விற்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வருடத்தில் 50 லட்சத்தைத் தாண்டிய கொள்முதலுக்கு அவர்கள் 0.1% வரி பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். பில் தொகைக்குக் கொஞ்சம் குறைவாகப் பணம் வந்து, அந்தச் சில்லறை எல்லாப் பில்லிலும் பாக்கியாகத் தேங்கி நின்றால் அதுவாக இருக்கலாம். பிடித்தம் என்று பதிந்து தீர்த்துவிடுங்கள்.

## 10. அனுப்பும்போது

திருத்திய ஸ்டேட்மென்டோடு, எந்தத் தேதி வரை, எந்தெந்தப் பில்லில் எவ்வளவு பாக்கி என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். முன்பு அனுப்பிய 88,000 ஸ்டேட்மென்ட் செல்லாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். "2025 ஜூன் 30 வரை பாக்கி 72,470 சரி" என்று கடைக்காரரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். செப்டம்பர் ஸ்டேட்மென்ட் எடுக்கும்போது மூன்றாம் படியில் முதலில் எடுக்க வேண்டிய காகிதம் அதுதான்.